மருந்துப் படக்குறிச் சோதனை: ‘கிரிட்டிக்கல் கன்ஃப்யூஷன்’ தமிழில் என்ன?

மீனாட்சி:
வணக்கம். மருந்து உறையில் ஒட்டும் படக்குறிகளை எழுத்தறியாதவர்களிடம் காட்டிச் சோதிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க ஆன்சி தரநிலை இரண்டு தேர்வு வைக்கிறது. குறியைப் பார்த்தவர்களில் 85 விழுக்காட்டினராவது சரியாகச் சொல்ல வேண்டும். கூடவே, ‘கிரிட்டிக்கல் கன்ஃப்யூஷன்’, அதாவது குறியை ஆபத்து வரும்படி தவறாக எடுத்துக்கொள்வது, 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவதற்குத்தான் சொல் தேடுகிறேன்.

50 பேரிடம் காட்டுகிறோம் என்று வையுங்கள். 43 பேர் சரியாகச் சொன்னார்கள், 4 பேர் “தெரியலை” என்றார்கள். மீதி 3 பேர், எதைச் செய்யாதே என்று படம் சொல்கிறதோ அதையே செய்யச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். 86 விழுக்காடு சரி. ஆனாலும் அந்த 3 பேர் 6 விழுக்காடு ஆகிவிடுவதால் குறி தோற்றுவிடும். “தெரியலை” என்றவர்களால் கெடுதல் குறைவு. அவர்கள் யாரையாவது கேட்பார்கள்.

கதிரவன்:
‘கடுங்குழப்பம்’ போதுமே? படக்குறியா, உருவக்குறியா என்பதையும் இதிலேயே முடிவு செய்துவிடலாம். இன்னொன்று: ‘கூடாது’ என்று காட்டும் வட்டமும் குறுக்குக்கோடும் உலகப் பொதுவானவை. படம் தெளிவாக இருந்தால் மொழியே தேவைப்படாது.

மீனாட்சி:
படக்குறியை நாம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டாயிற்று, அதை விட்டுவிடுவோம் கதிரவன். குறுக்குக்கோடு விஷயத்தில்தான் நீங்கள் பாதி சரி. சாலைக் குறிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது புரியும்.

தாலிடோமைடை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிலிருக்கும் குழந்தையின் கைகால்களைக் குறைத்துவிடும் மருந்து. ஆனால் தொழுநோயாளிகளுக்கு வரும் ஒருவகை எதிர்வினைக்கு நன்றாகக் கேட்கும். பிரேசிலில் அதன் உறையில் கர்ப்பிணியின் உருவத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தார்கள். அதைக் கருத்தடை மாத்திரை என்றும் கருவைக் கலைப்பது என்றும் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கோடு புரியாதவருக்கு அது கர்ப்பிணிக்கான மருந்து. கோடு புரிந்தவருக்கோ “கர்ப்பம் வராது” என்று பொருள். இரண்டு வழியிலும் மாத்திரை வாய்க்குள் போய்விடுகிறது. இவர்களில் யாரும் குழம்பவில்லை என்பதைக் கவனியுங்கள், உறுதியோடு விழுங்கியிருப்பார்கள். அதனால்தான் ‘குழப்பம்’ எனக்கு ஒட்டவில்லை.

சுந்தரி:
இது பொருந்துமா தெரியவில்லை, எங்கள் வீட்டுக் கதை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவருடைய மருந்து உறையில் கோட்டுக்கு மேல் பாதிச் சூரியன். வரைந்தவர் நினைத்தது சாயங்காலம். அம்மா விடியற்காலையில் போட்டுக்கொண்டிருந்தார். உதிப்பதும் மறைவதும் படத்தில் ஒன்றுபோலத்தானே இருக்கும்? இதையும் அந்த 5 விழுக்காட்டில் சேர்ப்பீர்களா?

மீனாட்சி:
நல்ல கேள்வி சுந்தரி அக்கா. மருந்தைப் பொறுத்தது. சத்து மாத்திரை என்றால் அது வெறும் தவறான விடை. தூக்க மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு ஒருவர் வண்டி ஓட்டப் போனால் ஆபத்து. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான். ஏழு கட்டத்தில் ஒன்றை நிழலிட்ட படத்தை “தினம் ஒன்று” என்று படித்தால் உயிரே போகலாம். ஆகவே எந்தப் பதில் ஆபத்தானது என்பதைக் குறியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. எந்த மருந்துக்கு ஒட்டப்போகிறோம் என்று பார்த்து, சோதனைக்கு முன்பே பட்டியல் போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் கை தானாகவே குறிக்குச் சாதகமாக எழுதும்!

ரஹீம்:
சொல்லுக்கு வருகிறேன். முதலில் ‘எதிர்ப்பொருள்’ தோன்றியது. இயற்பியல்காரர்கள் அதை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘கேடு’ என்பதை வைத்து ‘கேட்டுப் புரிதல்’ என்றால் காதால் கேட்டுப் புரிந்துகொண்டது என்றாகிவிடும், இந்த இடத்தில் அதைவிட மோசமான சொல் கிடைக்காது. ‘தீங்குப் புரிதல்’ எப்படி? புரிந்துகொண்டார், ஆனால் தீங்காக.

கதிரவன்:
குழப்பத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘தீங்குப் புரிதல்’ செயற்கையாக இருக்கிறது. பேச்சில் “விபரீதமா எடுத்துக்கிட்டான்” என்கிறோம். ‘விபரீதப் புரிதல்’ என்றால் களப்பணியாளர் விளக்கம் கேட்க மாட்டார். ஒரு சந்தேகம்: உறையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டிவிட்டால் படமே வேண்டாமே?

மீனாட்சி:
வாசித்துக் காட்டினாலும் சோதனை வேண்டும். 2006இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், “இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை” என்ற வரியின் பொருளை, வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளில் 71 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது அது 35 ஆகக் குறைந்தது. அதனால் கையேட்டில் “புரிந்ததா?” என்ற கேள்வியே இருக்காது. “வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், இந்த மாத்திரையில் எடுத்துக் காட்டுங்கள்” என்றுதான் கேட்க வேண்டும்.

‘விபரீதம்’ எனக்குப் பிடிக்கிறது, ஆனால் வேளை மாறிப் போட்டுக்கொண்டதை விபரீதம் என்று எழுதக் களப்பணியாளர் தயங்குவார் என்று பயம். ‘தீங்கு’ என்றால் மருந்தைப் பற்றி யோசிக்கவைக்கும்.

சுந்தரி:
நோயாளியின் காதில் விழுகிற மாதிரி “விபரீதம்” என்று எழுதாதீர்கள். அம்மா பயந்துபோய் மருந்தையே நிறுத்தியிருப்பார்.

ரஹீம்:
அப்படியானால் படிவத்தில் எண் மட்டும் போடலாம், சொல் கையேட்டுக்குள் இருக்கட்டும். கதிரவன், உங்கள் வாக்கு இன்னும் விபரீதத்துக்கா?

கதிரவன்:
இன்னும் அதற்குத்தான்.