புதுப்பிப்பு: குழந்தை விழுங்கிய சீத்தாப்பழ விதை

«மூன்று வயது மகள் சீத்தாப்பழ விதையை விழுங்கிவிட்டாள், அது விஷமா?» என்று கேட்டிருந்தேன்.

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மகள் நலமாக இருக்கிறாள்.

விதை விஷம்தான் என்று ஒருவர் எழுதியது பாதி உண்மை: நஞ்சு உள்ளே இருக்கும் பருப்பில் இருக்கிறது, கெட்டியான ஓடு உடையாதவரை அது வெளியே வருவதில்லை. அவள் மென்றாளா என்று முதலில் பாருங்கள் என்ற செவிலியரின் யோசனைதான் கைகொடுத்தது. வாயில் விதைத் துணுக்கோ கசப்போ இல்லை. இருமலோ மூச்சிரைப்போ இல்லாததால் மூச்சுக்குழாயில் சிக்கவில்லை என்றும் தெரிந்தது. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்லி இன்னொருவர் எழுதியதை நான் செய்யவில்லை. குழந்தைகள் மருத்துவரும் அது புரையேறும் ஆபத்து என்றே சொன்னார்.

இரண்டாம் நாள் காலை மலத்தில் அந்த விதை கீறல்கூட இல்லாமல், கருப்பாகப் பளபளத்தபடி வந்தது. தட்டில் ஒரு விதை குறைந்ததாக நான் எண்ணியிருந்தேன், மகளோ இரண்டு என்கிறாள், மற்றொன்று கிடைக்கவில்லை. வலியோ வாந்தியோ இல்லாவிட்டால் தேட வேண்டாம் என்றார் மருத்துவர்.

பேனுக்கு விதைப்பொடி தடவியபோது கண் புண்ணான அனுபவத்தை ஒருவர் எழுதியிருந்தார். என் கேள்வி அதுவல்ல என்றாலும், அரைத்த விதைதான் உண்மையான ஆபத்து என்பது அதிலிருந்தே எனக்குப் புரிந்தது. மென்று விழுங்கியிருந்தால் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.