ஏற்காடு பனி பேக்ரவுண்டுல ஜோடி ஒட்டவே மாட்டேங்குது, எங்க தப்புன்னு தெரியல (அவசரம்)

நாலுரோடு_ஸ்டுடியோ · இரவு 9:12

வணக்கம். கல்யாண ஆல்பத்துக்கு நடுப்பக்கம், 12×36. ஜோடிய நம்ம ஸ்டுடியோவுல எடுத்தது, பின்னாடி ஏற்காடு பனி. கட்டிங் சுத்தமா இருக்கு, முடியக்கூட இழை இழையா எடுத்திருக்கேன். ஆனா பொண்ணோட அம்மா பாத்துட்டு “என்னமோ மாதிரி இருக்கு தம்பி”ங்கறாங்க. என்னன்னு கேட்டா அவங்களுக்கும் சொல்லத் தெரியல. கண்ணை இடுக்கிப் பாத்தேன், மிரர் பண்ணிப் பாத்தேன், கருப்பு வெள்ளை ஆக்கியும் பாத்துட்டேன். மூணுலயும் ஒண்ணும் சிக்கல. காலைல 10 மணிக்கு லேப்புக்குப் போகணும். சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

கொலுசு_கிராஃபிக்ஸ் · 9:20

படம் எங்கங்க? படத்தைப் போடாம நாங்க ஜோசியமா பாக்கறது? போட்டோஷாப்பா வேற எதுவுமா, லைட் எந்தப் பக்கம், பேக்ரவுண்டு நீங்களே எடுத்ததா, ஒண்ணுமே சொல்லலியே.

குகை_டிசைனர் · 9:24

படம் பாக்காமலே சொல்றேன், நிழல் இருக்காது. நூத்துக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் விடறாங்க. `Drop Shadow` போடுங்க, 60 சதவீதம், கொஞ்சம் சாய்வா. முடிஞ்சுது.

சேர்வராயன் · 9:31

நான் ஒண்டிக்கடைகிட்ட இருக்கறவன். பனி இறங்குச்சுன்னா இங்க யாருக்குமே நிழல் விழாதுங்க. வெளிச்சம் நாலாபக்கமும் இருந்து வருது. செருப்பு தரையைத் தொடற இடத்துல மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பு தெரியும், அவ்வளவுதான். சாஞ்ச நிழல் போட்டீங்கன்னா இன்னும் மோசமாத்தான் போகும்.

குகை_டிசைனர் · 9:33

அந்த ஒரு விரல் கருப்பைத்தானே நானும் நிழல்ங்கறேன்.

நாலுரோடு_ஸ்டுடியோ · 9:40

சாரி, அவசரத்துல விட்டுட்டேன். போட்டோஷாப்தான். பேக்ரவுண்டு நானே போன மாசம் எடுத்தது, காபி எஸ்டேட் ஓரம், சில்வர் ஓக் மரங்களோட. சின்ன சைஸ்ல கீழ இணைச்சிருக்கேன். காலடில நிழல் இருக்கு பாருங்க.

லேயர்மன்னன் · 9:46

இந்தக் கேள்வி மாசம் நாலு தடவை வருது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கற பழக்கமே போச்சு. அடிப்படை தெரியாம 12×36 ஆர்டர் பிடிக்கறது, அப்புறம் ராத்திரி 9 மணிக்கு வந்து அழறது. உங்க லைட்டிங்கே தப்பு. ஸ்டுடியோல ஒரு பக்கம் சாஃப்ட்பாக்ஸ் வெச்சிருக்கீங்க, கன்னத்துல தெரியுது. எடுக்கும்போதே யோசிச்சிருக்கணும்.

பழைய_டார்க்ரூம் · 9:58

எடுத்தது எடுத்தாச்சு, இனி ஆகறதைப் பாப்போம். தம்பி, மூணு சோதனையும் பண்ணேங்கறீங்க. எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லுங்க. கருப்பு வெள்ளைக்கு எதை அழுத்தினீங்க? இடுக்கிப் பாக்கும்போது படம் ஸ்கிரீன்ல எவ்வளவு பெருசா இருந்துச்சு? மிரர் பண்ணப்ப எப்படித் தெரிஞ்சுது?

நாலுரோடு_ஸ்டுடியோ · 10:05

`Ctrl+Shift+U` சார். சேலையும் பின்னாடி காபிச் செடியும் ஒரே கிரேவுல வந்துச்சு, சரி டோன் செட் ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன். இடுக்கிப் பாத்தது 100 சதவீதத்துல, முகத்துகிட்ட. மிரர்ல படம் இன்னும் நல்லாவே இருந்துச்சு, நேரா இருக்கறதைவிட.

பழைய_டார்க்ரூம் · 10:27

அந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்குங்க, அப்புறம் வரேன்.

முதல்ல கருப்பு வெள்ளை. `Ctrl+Shift+U` நம்ம கண்ணு பாக்கற மாதிரி பாக்காது. சிவப்பு, பச்சை, நீலம் மூணு எண்ணுல பெருசையும் சிறுசையும் கூட்டிப் பாதியாக்கும், அவ்வளவுதான் அதோட கணக்கு. நீங்க போட்ட படத்துலயே அளந்தேன். அரக்குச் சேலை 150, 20, 40. பெருசு 150, சிறுசு 20, பாதி 85. காபிச் செடி 60, 110, 50. பாதி 80. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு சொல்லிடுச்சு. ஆனா நம்ம கண்ணுக்குப் பச்சைதான் ரொம்ப வெளிச்சமாத் தெரியும், சிவப்பு அதுல பாதி, நீலம் ரொம்பக் கம்மி. அந்த விகிதத்துல போட்டா சேலை 61, செடி 88. சேலை செடியைவிடக் கருப்பா இருக்கறது தப்புன்னு நான் சொல்லல, அது இருக்கலாம். உங்க சோதனை அதை உங்களுக்குக் காட்டவே இல்லைங்கறதுதான் விஷயம்.

இப்படிப் பண்ணுங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு `Solid Color` லேயர், நடு கிரே, பிளெண்ட் மோடு `Color`. வேணும்போது கண் பட்டனைத் தட்டிப் பாத்துக்கலாம், படம் எதுவும் மாறாது.

அடுத்தது இடுக்கறது. முகத்துகிட்ட பெருசாக்கி இடுக்கினா ஒண்ணும் தெரியாது. படம் மொத்தமும் உள்ளங்கை அளவுக்கு வரணும், நாற்காலியைப் பின்னாடி தள்ளிக்கணும். கண்ணாடி போடறவங்க கழட்டிட்டாலே போதும். மூக்கு முழியெல்லாம் மறைஞ்சு வெறும் திட்டு திட்டாத் தெரியணும். நான் அப்படிப் பாத்தப்ப முதல்ல கண்ணுல குத்தினது மாப்பிள்ளை வேட்டி. படத்துல யாரோ ஓட்டை போட்ட மாதிரி வெள்ளையா நிக்குது. அளந்தா வேட்டி 250, பின்னாடி பனி வானம் 222.

வெயில் இல்லாத நாள்ல துணிக்கு வெளிச்சம் கிடைக்கறதே அந்த வானத்துல இருந்துதான். அதுலயும் நிக்கற ஆள் மேல பாதி வானந்தான் படும், பட்டதுல கொஞ்சத்தைத் துணி முழுங்கிடும். அப்புறம் எப்படி வேட்டி வானத்தைத் தாண்டும்? வெளுத்த வேட்டியா இருந்தாலும் இந்தப் பனில 200 பக்கத்துலதான் நிக்கும்.

கருப்புலயும் இதே கதைதான். பொண்ணு தலைமுடி 10. பக்கத்து சில்வர் ஓக் அடிமரத்துல இருக்கறதுலயே கருப்பான இடம் 58. நடுவுல பனி இருக்குல்ல.

கொலுசு_கிராஃபிக்ஸ் · 10:35

அப்ப முடியையும் 58-க்கு ஏத்திட்டா சரியா?

பழைய_டார்க்ரூம் · 10:41

வேண்டாம், சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். மரம் ஜோடிக்குப் பின்னாடி இருக்கு. தூரம் குறைஞ்சா பனியும் குறையும். 30, 35-ல நிறுத்துங்க. ஜோடி லேயர்ல மட்டும் ஒட்டற மாதிரி ஒரு `Levels` போட்டு, கீழ இருக்கற `Output Levels`-ல 0-வை 26 ஆக்கி, 255-ஐ 205-க்கு இறக்குங்க. முகம் மங்கிடுச்சுன்னா முகத்துக்கு மட்டும் மாஸ்க்ல கொஞ்சம் விட்டுக் கொடுங்க. எண்ணை நம்பாதீங்க, மறுபடி சின்னதாக்கி இடுக்கிப் பாருங்க.

லேயர்மன்னன் · 10:44

வேட்டி வானத்தைத் தாண்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ஃப்ளாஷ் அடிச்சு எடுத்தா தாராளமாத் தாண்டும். அவுட்டோர்ல எல்லாரும் ஃப்ளாஷ் அடிச்சுத்தான் எடுக்கறாங்க.

பழைய_டார்க்ரூம் · 10:47

தாண்டும், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஃப்ளாஷ் காலடிப் புல்லுலயும் பட்டிருக்கணுமே. இவர் படத்துல புல்லு மங்கலாத்தான் கிடக்கு.

லேயர்மன்னன் · 10:49

ஸ்பாட்டா அடிச்சா புல்லுல படாது. சரி, உங்க இஷ்டம்.

சேர்வராயன் · 10:52

எனக்கு ஒண்ணு புரியல. நாலு ரோட்டுல இருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். ஜோடியக் கூட்டிட்டு மேல வந்தா இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?

கொலுசு_கிராஃபிக்ஸ் · 10:55

20 கொண்டை ஊசி வளைவு இருக்கே. போன வருஷம் ஒரு ஜோடியக் கூட்டிட்டு வந்தேன், பாதி வளைவுலயே பொண்ணுக்கு வாந்தி. மேக்கப் கலைஞ்சு, மேல போனா பனியும் இல்ல, சுள்ளுனு வெயில். மேக்கப்காரம்மா ரெண்டாவது தடவைக்குத் தனியா காசு கேட்டாங்க.

சேர்வராயன் · 10:57

விடியக்காலைல வரணும். நீங்க 11 மணிக்கு வந்துட்டுப் பனியைக் குறை சொன்னா எப்படி?

குகை_டிசைனர் · 10:58

விடியக்காலைல எந்தப் பொண்ணு மேக்கப் போட்டு ரெடியா நிப்பா? நீங்க கல்யாண வேலை பாத்ததே இல்லியா?

ஆத்தூர்_புடவைக்கட்டு · 11:06

நான் டிசைனர் இல்லைங்க, பொண்ணுங்களுக்குப் புடவை கட்டி விடறவ. எங்க வீட்டுக்காரர் இந்த இழையைக் காட்டினார். லெவல் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா முந்தானை ஏன் வலது தோள்ல கிடக்கு? கல்யாணத்துக்கு அப்படி யாரும் கட்ட மாட்டோமே. மாப்பிள்ளை சட்டைப் பாக்கெட்டும் வலது பக்கம் இருக்கு.

கொலுசு_கிராஃபிக்ஸ் · 11:08

அடக்கடவுளே. ரெண்டு மணி நேரமா நாம என்ன பாத்துட்டிருந்தோம்?

நாலுரோடு_ஸ்டுடியோ · 11:15

அது… பேக்ரவுண்டுல வலது பக்கம் கொஞ்சம் வெளிச்சமா இருந்துச்சு. ஸ்டுடியோ லைட் இடது பக்கம். அதனால `Edit > Transform > Flip Horizontal` போட்டு ஜோடிய மட்டும் திருப்பி விட்டேன். எல்லாரும் பண்றதுதானேன்னு சொல்லல.

பழைய_டார்க்ரூம் · 11:24

அதான் உங்க கடைசி வரி. மிரர் சோதனைக்கு முழுப் படத்தையும் திருப்பணும், `Image > Image Rotation > Flip Canvas Horizontal`. நீங்க ஏற்கெனவே திருப்பின ஜோடி அதுல மறுபடி திரும்பி, முந்தானை இடது தோளுக்கு வந்துடுச்சு. அதனாலதான் மிரர்ல நல்லா இருந்துச்சு. திருப்பினா சாதாரணமா படம் கொஞ்சம் அன்னியமாத் தெரியணும், சாய்வு, கோணல் ஏதாவது தட்டுப்படணும். திருப்பினதுதான் சரியாத் தெரியுதுன்னா, உள்ள எதுவோ ஏற்கெனவே தலைகீழா இருக்குன்னு அர்த்தம். பொண்ணோட அம்மாவுக்குச் சொல்லத் தெரியாதது இதுவாத்தான் இருக்கும். தினமும் பாக்கற மகள் முகத்தோட வகிடும் மச்சமும் இடம் மாறினா வேற யாருக்கு உறுத்தும்? தங்கச்சி பாத்ததை நான் பாக்கல, எண்ணையே பாத்துட்டிருந்துட்டேன்.

ஜோடிய மறுபடி திருப்பிடுங்க. கன்னத்து நிழல் எதிர்ப்பக்கம் போயிடுமேன்னு பயப்படாதீங்க. பனில பக்கமே பெருசாக் கிடையாது. அந்தக் கன்னத்தை மட்டும் ஒரு `Curves`-ல லேசா ஏத்தி, ரெண்டு பக்கமும் வித்தியாசம் குறையற மாதிரி பண்ணுங்க.

லேயர்மன்னன் · 11:29

லைட்டிங் தப்புன்னு நான் 9:46-க்கே சொல்லிட்டேன்.

குகை_டிசைனர் · 11:31

பேக்ரவுண்டைத் திருப்பினா வேலை சுலபம் இல்லியா? மரத்துக்கு முந்தானை கிடையாது.

பழைய_டார்க்ரூம் · 11:34

நல்ல யோசனை, அதுவே சுலபம். எஸ்டேட் போர்டு ஏதாவது இருக்கான்னு மட்டும் பாத்துக்கணும், எழுத்து திரும்பிடும்.

சேர்வராயன் · 11:36

எஸ்டேட்காரங்க பாத்தா எந்த இடம்னு கண்டுபிடிச்சுடுவாங்க. பாதை அந்தப் பக்கம் போகாது.

குகை_டிசைனர் · 11:37

ஆல்பத்தை எஸ்டேட்காரங்களா வாங்கப் போறாங்க?

கொலுசு_கிராஃபிக்ஸ் · மறுநாள் காலை 11:50

என்னங்க ஆச்சு? லேப்புக்குப் போச்சா? பேக்ரவுண்டைத் திருப்பினீங்களா, ஜோடியவா?

ஆத்தூர்_புடவைக்கட்டு · மாலை 6:20

அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க.

நாலுரோடு_ஸ்டுடியோ · மூணாம் நாள், இரவு 8:02

வேலை ஜாஸ்தி, இப்பத்தான் வரேன். பேக்ரவுண்டைத் திருப்பினேன், வேட்டியையும் இறக்கினேன். அம்மா ஓகே சொல்லிட்டாங்க. பொண்ணு மட்டும் வேட்டி அழுக்கா இருக்குங்கறா. நன்றி எல்லாருக்கும்.

லேயர்மன்னன் · 8:10

ஃப்ளாஷ்னு சொன்னேன்.