பாட ஒலிப்பதிவில் ‘நோர்மலைஸ்’: என்ன சொல் வைக்கலாம்?

கிளிநொச்சி, விஞ்ஞான ஆசிரியர்:
வணக்கம். பாடம் ஒலிப்பதிவு செய்கிற ஆசிரியர்களுக்குக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். ‘லவுட்னஸ்’ என்பதற்கு நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிற ‘உரப்பு’ இருக்கிறது. ‘உரப்பு மானி’யும் சரி. பகிர முதல் செய்கிற ‘லவுட்னஸ் நோர்மலைசேஷன்’தான் இடிக்கிறது. ‘உரப்புச் சமப்படுத்தல்’ ஒத்துவருமா?

முல்லைத்தீவு, ஒலிப்பதிவாளர்:
வேண்டாம் சேர். ஈக்குவலைசரையும் ‘சமப்படுத்தி’ என்கிறார்கள். அதோடு இந்த வேலை எதையும் சமப்படுத்துவதில்லை. முழுப் பதிவின் உரப்பை அளந்து, இலக்குக்கு எவ்வளவு குறையுதோ அவ்வளவை எல்லா இடத்திலும் ஒரேயளவாய்க் கூட்டும். ஓரிடத்தில் மெல்லவும் ஓரிடத்தில் உரத்தும் கதைத்திருந்தால் அந்த வித்தியாசம் அப்படியே நிற்கும்.

மல்லாவி, கணித ஆசிரியை:
இதைத்தானே நான் Audacityயில் Normalize போட்டு −1 dB வைத்துச் செய்கிறேன்? அப்படியும் பிள்ளைகள் போனில் கேட்கவில்லை என்கிறார்கள். போன்கள் பழசு போல. பதிவை இணைத்திருக்கிறேன்.

முல்லைத்தீவு, ஒலிப்பதிவாளர்:
போனில் பிழையில்லை டீச்சர். Normalize பார்ப்பது உச்சத்தை மட்டும். உங்கள் மூலப் பதிவில் டஸ்டர் மேசையில் விழுந்த சத்தம் −2 dB வரை போயிருக்கிறது. அதை −1க்கு ஏற்றினால் முழுப் பதிவும் 1 dBதான் ஏறும். உங்கள் பேச்சோ, உரப்பை அளக்கிற LUFS அலகில் −27இல் கிடக்கிறது. அந்தச் சத்தத்தை மட்டும் தெரிவுசெய்து தணியுங்கள். மிச்சப் பேச்சின் உச்சம் −13 dB. அப்புறம் Loudness Normalization எடுத்து −16 LUFS வையுங்கள். 11 dB ஏறி, உச்சம் −2இல் நிற்கும். டஸ்டரை விட்டுவிட்டு ஏற்றினால் அது 0ஐத் தாண்டிக் கரகரக்கும்.

நீங்கள் பேசாமல் கரும்பலகையில் எழுதுகிற நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். மிக மெல்லிய இடங்களை மானி கணக்கில் எடுக்காது. ஆனால் மின்விசிறி இரைச்சலும் 11 dB ஏறும், அதற்கு மருந்து பதியும்போதே மைக்கைக் கிட்ட வைப்பதுதான்.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:
ஐரோப்பிய ஒலிபரப்பில் −23 அல்லவா? −16 கூடுதலாகத் தெரிகிறது. சொல்லுக்கு ‘உரப்பு நிலைப்படுத்தல்’ என்று போடலாமே.

முல்லைத்தீவு, ஒலிப்பதிவாளர்:
−23 தொலைக்காட்சி, வானொலிக்கு. போனின் சின்ன ஒலிபெருக்கியில் அது எடுபடாது. பொட்காஸ்ட்காரர் பலரும் −16தான் வைக்கிறார்கள். ‘நிலைப்படுத்தல்’ என்றால் ஏற்ற இறக்கம் குறையும் என்று ஆட்கள் நம்பிவிடுவார்கள். அது கொம்பிரசரின் வேலை.

கிளிநொச்சி, விஞ்ஞான ஆசிரியர்:
அப்படியென்றால் ‘உரப்பு அளவமைத்தல்’. டீச்சர் செய்தது ‘உச்ச அளவமைத்தல்’. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் பொருந்தும்.

மல்லாவி, கணித ஆசிரியை:
டஸ்டர் சத்தத்தைத் தணித்துச் செய்தேன், இப்போது நன்றாகக் கேட்கிறது. சொல் நீளம் சேர், ‘உரப்பமைப்பு’ போதாதா?

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:
‘அமைப்பு’ என்றால் செட்டிங்ஸ் என்று விளங்கும். நான் ‘அளவமைத்தல்’ பக்கம். கொம்பிரசருக்கு ‘சுருக்கி’ போட்டால் கோப்பைச் சுருக்குவதோடு குழம்பும். அதற்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?