மறதி மாமாவும் சாவி இல்லாத சைக்கிளும்: பள்ளி மலர்ப் பாட்டு அனுபவம்

பாலக்கோடு தமிழாசிரியை:
எங்கள் பள்ளி மலருக்காக ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மறதிக்கார மாமாவைப் பற்றிப் பத்து வரிப் பாட்டு எழுதி வந்தாள். "செருப்பை மறந்தார் மாமா, குடையை மறந்தார் மாமா" என்று ஒவ்வொரு வரியும் மாமாவிலேயே முடிந்தது. இலக்கணப்படி அதுவும் இயைபுதான் என்றாலும், வரி முடிவதற்குள் கடைசிச் சொல் தெரிந்துவிடுவதால் வகுப்பில் மூன்றாம் வரிக்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மறந்த பொருள்களைப் பட்டியலிடாமல், ஒரு மறதி அடுத்த மறதிக்கு இழுத்துச் செல்லும்படி ஒரே நாளின் கதையாகச் சொல் என்றேன். தக்காளிக்குப் பேர்போன எங்கள் ஊர்ச் சந்தையையே அவள் எடுத்துக்கொண்டாள். இருவரும் மேசையில் தாளம் தட்டித் தட்டித் திருத்தியபின் பாட்டு இப்படி வந்தது:

சைக்கிள் ஏறிச் சந்தை சென்றார்;
பைக்குள் காயைப் போட்டு நின்றார்;
பஸ்ஸில் ஏறி வீடு வந்தார்;
"சைக்கிள் எங்கே?" என்று நொந்தார்.

தேடிச் சென்று சைக்கிள் கண்டார்;
ஆடிப் பாடி இன்பம் கொண்டார்;
பூட்டைத் தொட்டுப் பையைப் பார்த்தார்;
வீட்டில் சாவி! மீண்டும் வேர்த்தார்!

கடைசி வரிக்கு அவள் முதலில் "சாவி வீட்டில்" என்றுதான் எழுதியிருந்தாள். இரண்டு சொற்களையும் இடம் மாற்றியதும் பூட்டை, வீட்டில் என்று எதுகை அமைந்ததோடு, சாவி என்ற செய்தியும் அரை நொடி தாமதித்து வந்தது. அந்த அரை நொடியில்தான் வகுப்பே சிரித்தது.

ஆனால் மலர்க் குழுவில் ஒருவர், சைக்கிளை மிதிவண்டி என்றும் பஸ்ஸைப் பேருந்து என்றும் மாற்றினால்தான் அச்சேறும் என்கிறார். இப்படிப்பட்ட நிலையை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அரூர் வாசகர்:
மிதிவண்டி வேண்டாம், வண்டி என்றே போட்டுவிடலாமே! "வண்டி ஏறிச் சந்தை சென்றார், வேண்டும் காயைப் போட்டு நின்றார்" என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகையும் கிடைத்துவிடுகிறது. எங்கள் மகனின் பள்ளிப் பாட்டை நான் இப்படித்தான் திருத்திக் கொடுத்தேன்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இரண்டாம் எழுத்து ஒன்றுவது மட்டும் போதாது, ஐயா. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'வ' குறில், 'வே' நெடில். ஆகவே வண்டியும் வேண்டும் என்பதும் எதுகையாகா. உரக்கப் படித்தால் இரண்டாம் வரியின் தொடக்கம் இழுபடுவதைக் காதே காட்டிக்கொடுக்கும். "கொண்ட பைக்குள் போட்டு நின்றார்" என்றால் எதுகை சரியாகிவிடும். ஆனால் காய் போய்விடுகிறது, எதைப் போட்டார் என்று குழந்தைகள் கேட்பார்கள். அதோடு, வண்டி என்றதும் நம் பக்கத்தில் மாட்டு வண்டியும் நினைவுக்கு வரும், மோட்டார் வண்டியும் வரும். பூட்டும் சாவியுமாகச் சைக்கிள் கண்ணில் நிற்பதுபோல் அது நிற்காது.

ஆசிரியை கேட்டதற்கு வருகிறேன். இந்தப் பாட்டின் எல்லாச் சீர்களும் தேமாவாக, ஈரசையில் நடக்கின்றன. மிதிவண்டியும் பேருந்தில் என்பதும் மூவசைச் சீர்கள். நான்கு தட்டுக்குள் ஓடிய வரியில் அவை வந்தால் அந்த இடத்தில் கை தடுக்கும். மிதிவண்டி வந்தால் சைக்கிள், பைக்குள் என்ற எதுகையும் போய்விடும். நானும் ஒருமுறை இதே வழக்கில் சிக்கினேன். வாதாடுவதை விட்டு, குழுவினர் முன்னால் இரு வடிவங்களையும் ஒரு மாணவனைக் கொண்டு தாளத்தோடு படிக்க வைத்தேன். அன்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு வந்த குழு ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் பாட்டின் முதல் நான்கு வரிகளில் மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் எதுகை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொந்தார் என்ற முடிவு அதை மறைத்துவிடுகிறது என்பதால், நானாக இருந்தால் அதில் கை வைக்கமாட்டேன்.

ஊத்தங்கரை வாசகி:
என் தாய்மாமாவுக்கு மறதி நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அவர் பேருந்து நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் இரவுவரை உட்கார்ந்திருந்தார். பாட்டு நன்றாக இருக்கிறது. என்றாலும் "என்று நொந்தார்" என்ற இடத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை.

பாலக்கோடு தமிழாசிரியை:
உங்கள் மாமாவைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்துவிட்டது, அம்மா. இதை மாணவியிடமும் சொன்னேன். பாட்டுக்காக அவள் வரைந்த படத்தில் மாமாவுக்கு நரைத்த தலையும் கைத்தடியும் இருந்தன. அவளாகவே அவற்றை அழித்து, கறுத்த மீசை வைத்த, சட்டைப் பையில் பேனா செருகிய, அவசரக்கார இளைஞராக மாற்றி வரைந்துவிட்டாள். அதுவே போதுமா, நொந்தார் என்ற சொல்லையும் மாற்ற வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். வந்தார் என்பதற்கு இயைபாகத் தந்தார், வெந்தார் என்று அவள் எழுதிப் பார்த்தவை எதுவும் அந்த இடத்தில் உட்காரவில்லை.