பகல் படத்தை அந்தி நேரமாக்குவதில் ஒரு சிக்கல்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டை மதியம் 12 மணிக்குப் படம் எடுத்தேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். விளம்பரத்துக்கு யன்னல்கள் ஒளிரும் அந்திப் படம்தான் வேண்டுமாம். மாலையில் திரும்பப் போய் எடுக்கலாம், ஆனால் திறப்பு இப்போது என்னிடம் இல்லை.

போட்டோஷொப்பில் வானத்தைக் கருநீலமாக மாற்றி, வீட்டை `Curves` கொண்டு இருட்டாக்கி, நிறத்தையும் நீலப்பக்கம் தள்ளினேன். யன்னல்களைத் தெரிவுசெய்து, செம்மஞ்சள் லேயரை `Screen` முறையில் போட்டேன். ஒளி வந்தது, ஆனால் மஞ்சள் கடதாசி ஒட்டினமாதிரி. யன்னல் கம்பிகளும் அதில் மறைந்துவிட்டன. கம்பிகளை மாஸ்க்கில் விலக்கி, கண்ணாடியின் நடுவை வெளிச்சமாகவும் ஓரங்களை மங்கலாகவும் விட்டதும் கொஞ்சம் நம்பும்படி ஆனது. படியிலும் லேசாக மஞ்சள் பூசினேன்.

இப்போது மிச்சம் இருப்பது நிழல். முற்றத்துப் பனையின் நிழல் வெள்ளைச் சுவரில் கூர்மையாக விழுந்திருக்கிறது. அந்தியில் வெயில் இல்லை, அப்படி நிழல் விழாது. நிழலை வெளிச்சமாக்கினால் அதன் விளிம்பு கோடாகத் தெரிகிறது, குளோன் பண்ணினால் சுவரின் சொரசொரப்பு போய்விடுகிறது. RAW கோப்பு கையில் இருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வீர்கள்?