ஏ.யு.சி 0.97, ஆனால் ஏழு எச்சரிக்கையில் ஆறு பொய்: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

தறிக்காரன்
Kaggle-ல இருக்கிற creditcard.csv எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2,84,807 பரிவர்த்தனை, அதில் மோசடி 492. ஆர்.ஓ.சி வளைவு இடது மேல்மூலையை ஒட்டி அழகா வந்தது, பரப்பு 0.97. வளைவில் ஒரு புள்ளியை எடுத்தேன்: மோசடியில் 90% பிடிபடுது, நல்லதில் 1% மட்டும் தவறா மாட்டுது. ஒரு சதவீதம்தானேன்னு விட்டுட்டேன். பிறகு முழு டேட்டாவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால், பிடிபட்ட மோசடி 443, அதோடு சேர்ந்து மாட்டின நல்லவை 2,843. எச்சரிக்கை வந்ததில் 13.5% மட்டும்தான் நிஜம். வரைபடத்தில் இது எங்கேயுமே தெரியலை. அதுதான் இன்னும் உறுத்துது.

மழைக்காலம்
டேட்டா சமமா இல்லாட்டி ஏ.யு.சி பொய் சொல்லும், இது தெரிஞ்ச விஷயம்தான். SMOTE போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிட்டு மறுபடி பாருங்க. பிரிசிஷன் தானா ஏறிடும்.

கோமதி நாயகம்
மழைக்காலம், பாதி சரி. ஏ.யு.சி சொல்றது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மோசடியையும் ஒரு நல்லதையும் கண்ணை மூடி எடுத்தால், மோசடிக்கு அதிக மதிப்பெண் கிடைக்கிற வாய்ப்பு. இதில் எத்தனைக்கு எத்தனை என்ற விகிதத்துக்கு இடமே இல்லை. நிமிர்ந்த அச்சு மோசடிகளுக்குள் மட்டும் எண்ணுது, படுத்த அச்சு நல்லதுக்குள் மட்டும். அதனால அது பொய் சொல்லலை, நம்ம கேள்விக்குப் பதில் சொல்லலை. டெஸ்ட் டேட்டாவையும் SMOTE போட்டுச் சமமாக்கினால் பிரிசிஷன் ஏறத்தான் செய்யும். ஆனா அது ஊரில் இல்லாத ஒரு விகிதத்துக்கான பிரிசிஷன். பயிற்சிப் பகுதியை என்ன வேணாலும் செய்யுங்க, டெஸ்ட் பகுதி 492-க்கு 2,84,315 என்ற விகிதத்திலேயே இருக்கணும்.

தறிக்காரன், நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். அந்த டேட்டா இரண்டு நாளுக்கானது. ஆய்வு செய்யும் குழு ஒரு நாளைக்கு 150 எச்சரிக்கைதான் பார்க்க முடியும்னு வைங்க. இரண்டு நாளைக்கு 300. அத்தனையும் பொய்யாவே இருந்தாலும் படுத்த அச்சில் நீங்க 0.11 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. வரைபடத்தைப் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால், உங்களுக்கு வேண்டிய பகுதி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வளைவை வரைஞ்ச கோடே அதைவிடத் தடிமன்! 0.97 என்ற எண் கிட்டத்தட்ட முழுக்க, நீங்க கால் வைக்கப்போகாத இடத்திலிருந்து வருது. இரண்டு மாடலின் வளைவுகள் அந்த ஓரத்தில் ஒன்றையொன்று வெட்டினால், மொத்தப் பரப்பு குறைந்த மாடலே உங்களுக்கு நல்ல மாடலா இருக்கலாம். மதிப்பெண்படி இறங்குவரிசையில் அடுக்கி, முதல் 300-இல் எத்தனை மோசடின்னு எண்ணுங்க. அதை வைத்து மாடலைத் தேர்ந்தெடுங்க.

செல்வி_திருச்சி
எனக்கு நேர்மாறா இருக்கு அண்ணா. அதே டேட்டாவுக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டேன், தவறான எச்சரிக்கை அநேகமா இல்லவே இல்லை. ஆனா ஏ.யு.சி 0.85-ஐத் தாண்ட மாட்டேங்குது. வளைவும் வளையாம, ஒரே ஒரு முனையோட இரண்டு நேர்கோடா நிற்குது. மரங்களைக் கூட்டணுமா?

தறிக்காரன்
மரத்தைத் தொடாதீங்க. ஒரே முனைன்னா மதிப்பெண்ணுக்குப் பதிலா 0, 1 தீர்ப்பைக் கொடுத்திருக்கீங்க.

```python
roc_auc_score(y_test, model.predict(X_test))               # தவறு
roc_auc_score(y_test, model.predict_proba(X_test)[:, 1])   # சரி
```

முதல் வரி பிழைச்செய்தி எதுவும் காட்டாது, அதுதான் தொல்லை. அது தருவது இரண்டு பக்கத்துச் சரி விகிதங்களின் சராசரி மட்டும்: மோசடியில் 70% பிடிச்சு, நல்லதில் 100% விட்டால் 0.85.

வைகை
எங்க பிரச்சினை வேற. நோய் உள்ளவர் 12 பேர், இல்லாதவர் 60 பேர். வளைவு வழவழன்னு இல்லாம படிக்கட்டா ஏறுது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படி. மொத்தம் 720 ஜோடி. முதலிடத்தில் இருந்த ஒரு நோயாளி கடைசிக்கு இறங்கினால் 60 ஜோடி போச்சு, ஏ.யு.சி 0.95-இலிருந்து 0.87-க்கு விழுது. ஒரே ஆளுக்கு இவ்வளவு! இரண்டு மாடலை 0.91, 0.93-னு பக்கத்தில் வைத்து ஒன்று சிறந்ததுன்னு எழுத எனக்கு மனசு வரலை.

மழைக்காலம்
SMOTE விஷயத்தில் டெஸ்ட் பகுதியைத் தொடக்கூடாது, ஒப்புக்கிறேன். ஆனா முதல் 300-ஐ எண்ணுறதும் எனக்குச் சரியாப் படலை. நாளைக்குக் குழுவில் இரண்டு பேர் கூடினால் அந்த எண் மாறிடும். `max_fpr=0.001` கொடுத்து ஓரத்துப் பரப்பை மட்டும் எடுக்கலாமே?

கோமதி நாயகம்
எடுக்கலாம். ஆனா sklearn அதை அப்படியே தராது, குருட்டுத்தனமா ஊகிச்சாலும் 0.5 வருகிற மாதிரி மாற்றித்தான் தரும். அந்த எண்ணை முழு ஏ.யு.சி பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீங்க. அந்த 0.001-ஐயும் குழுவில் எத்தனை பேர்னு பார்த்துத்தானே எடுத்தீங்க?