'சரி.' என்று மட்டும் பதில் வந்தபோது

மைக்கூடு
போன மாதம் ஒரு சிறுகதையை நண்பர்கள் நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். நாயகி எதற்கெடுத்தாலும் உள்ளுக்குள் பதறுகிறவள். வியாதிப் பெயர் எதுவும் வரக்கூடாது என்று கவனமாக இருந்தேன். நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது, தொண்டை வறண்டது என்று பக்கத்துக்கு ஒன்று வைத்தேன். படித்த ஒருவர், "பாவம், அவளுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். பெயரைத்தான் அடித்திருக்கிறேன், மருந்துச்சீட்டு அப்படியே இருந்திருக்கிறது.

அப்புறம் ஒரு காட்சியை மாற்றினேன். மேலாளருக்கு அறிக்கை அனுப்புகிறாள். "சரி." என்று பதில் வருகிறது. வழக்கமாக "சரிம்மா" என்பார். இன்றைக்கு 'ம்மா' இல்லை, முற்றுப்புள்ளி இருக்கிறது. பழைய பதில்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெறும் "சரி" கிடைக்கிறது. அப்பாடா. ஆனால் அதில் புள்ளி இல்லை. அறிக்கையைத் திறந்து பார்த்தால் மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை. திருத்திய பிரதியை அனுப்பப் போகிறாள், அழித்துவிடுகிறாள். அவர் கவனிக்காமல் இருந்தால் நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே.

படபடப்பு என்ற சொல்லே கிடையாது. அதே நண்பர் போன் பண்ணி, "இது நேற்று நான் செய்த வேலையாச்சே" என்றார். உங்களுக்கு இப்படி ஏதாவது கைகூடியதுண்டா?

பாதிப்பக்கம்
என் வழி சுலபம். வாக்கியத்தை உடைத்துவிடுவேன். "போன். மணி. எடுக்கவா. வேண்டாம்." இப்படியே மூன்று பக்கம். வாசகருக்கே மூச்சு வாங்கும்.

பழைய பேனா
நாய் துரத்தும் காட்சிக்கு அது சரி. திடீர் பயம் அப்படித்தான் துண்டு துண்டாக வரும். ஆனால் நாள் முழுக்க அரிக்கிற கவலை நிற்கவே நிற்காது, ஒன்றைப் பிடித்து இன்னொன்று என்று நீளும். அதற்கு நம் மொழியில் ஓர் 'ஓ' போதும். "கோபமாக இருப்பாரோ, நேற்று நான் சீக்கிரம் கிளம்பியதைப் பார்த்திருப்பாரோ, பார்த்திருந்தால் அப்போதே கேட்டிருப்பாரே, கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டாரோ." ஒரே வாக்கியம்தான். நடுவில் வரும் அந்த 'கேட்டிருப்பாரே'தான் முக்கியம், அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்க்கிற இடம் அது.

தூக்கமில்லாதவன்
மூச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள், எனக்குக் கொஞ்சம் கேட்கிறது. எனக்குப் பிரச்சினை பூட்டுதான். இழுத்துப் பார்ப்பேன், மறுபடி இழுப்பேன். இப்போதெல்லாம் பூட்டைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அது இன்றைய போட்டோவா நேற்றையதா என்று தோன்றும். தேதி பார்ப்பேன், இன்றையதுதான். ஆனால் போட்டோ எடுத்த பிறகு மறுபடி திறந்தேனோ?

பழைய பேனா
அவர் கேட்டது கதைக்கு ஐயா, ஆனால் நீங்கள் சொன்னதுதான் பதில். தேதியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி வந்ததல்லவா? மைக்கூடு எழுதிய 'அப்பாடா'வும் அதுதான். பலர் அதை விட்டுவிட்டு வேதனையை மட்டும் அடுக்குகிறார்கள். நிம்மதி வராவிட்டால் யார் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறார்கள்? வருகிறது, நிற்கவில்லை, அடுத்த சந்தேகம் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

இன்னொன்று. நீங்கள் பயந்து போட்டோ எடுக்கவில்லை, ஜாக்கிரதையாக இருக்கிறீர்கள், இல்லையா? அந்தப் பெண்ணும் தன்னைப் பொறுப்பானவள் என்றுதான் நினைத்திருப்பாள். பதறுகிறவளின் கண் பதற்றத்தின் மேல் இருக்காது, புள்ளியின் மேல்தான் இருக்கும்.

தூக்கமில்லாதவன்
ஜாக்கிரதைதான். வீட்டில் வேறு பெயர் சொல்வார்கள்.

வரிக்குதிரை
எனக்கு ஒப்பவில்லை. இப்படி எழுதின என் கதையை அக்கா படித்துவிட்டு, "இவளுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று மூடி வைத்துவிட்டாள். அனுபவித்தவர்களுக்குத்தான் புரிகிறது, மற்றவர்களுக்கு எரிச்சல்.

பழைய பேனா
எத்தனை சுற்று வைத்தீர்கள்?

வரிக்குதிரை
ஏழெட்டு இருக்கும்.

பழைய பேனா
நான் மூன்றோடு நிறுத்துவேன். மூன்றாவதில் ஏதாவது கைவிட்டுப் போக வேண்டும். அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குழந்தை எதையோ காட்டிக் கூப்பிட்டு, அலுத்துப்போய்ப் போய்விடட்டும். அவளுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். உங்கள் அக்கா அப்போதும் மூடி வைப்பாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மைக்கூடு
குழந்தை யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் எனக்கு ஒரு குழப்பம். மறுநாள் மேலாளரிடமிருந்து பழையபடி "சரிம்மா" வருகிறது. அவள் சிரித்துவிட்டு, இன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அன்பாக என்று யோசிக்கிறாள்.

பாதிப்பக்கம்
சிரித்ததோடு முடித்துவிடுங்கள்.

தூக்கமில்லாதவன்
முடிக்காதீர்கள். நான் யோசிப்பேன்.